பெண்ணின் அப்பா ரிசப்ஷனில் பேசும் மூன்று நிமிடம்: பெயர்ப் பட்டியல் முதல் பந்தி வரை

மூத்த மகளின் ரிசப்ஷனில் நான் கையில் குறிப்பு எதுவும் இல்லாமல் மேடை ஏறினேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பேசியவன், நாலு வார்த்தை வரவேற்கக் காகிதம் எதற்கு என்று நினைத்துவிட்டேன். பிறகு வீடியோவில் பார்த்தபோதுதான் தெரிந்தது, பதினொரு நிமிடம் பேசியிருக்கிறேன். மேடைக்குக் கீழே பரிசுப் பொட்டலங்களோடு வரிசை நின்றுகொண்டே இருந்தது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நடந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா பெயரை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் ஜாதகத்தோடு வந்தவர் அவர்தான். அன்றைக்கு அவர் முகம் சுளிக்கவில்லை, மறுநாள் முகூர்த்தத்தில் அட்சதையும் போட்டார். தலை தீபாவளிக்கு அழைக்கப் போனபோது அவர் மனைவி சொன்னார்: "எல்லார் பேரையும் சொன்னீங்க, இவர் பேரு மட்டும் உங்களுக்கு ஞாபகம் வரலியே." பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் இளையவள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே இந்தப் பேச்சுக்கென்று உட்கார்ந்தேன். யார் யாரைக் கேட்டேன், எதை எழுதினேன், எதை அடித்தேன், எந்த நேரத்தில் பேசினேன் என்பதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எங்கள் அமைப்பு இதுதான்: திருச்சியில் கல்யாண மண்டபம், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை ரிசப்ஷன், இரண்டையும் நடத்தியவர்கள் பெண் வீட்டாரான நாங்கள். மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர். உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. அழைப்பவர் நீங்களா என்று முதலில் பாருங்கள்

பல வீடுகளில் முகூர்த்தம் பெண் வீட்டாருடையது, ரிசப்ஷன் மாப்பிள்ளை வீட்டாருடையது. அப்படி இருந்தால் அந்த மேடையில் "உங்கள் அனைவரையும் வரவேற்கிறேன்" என்று நீங்கள் சொல்லக் கூடாது. அழைத்தவர் அவர், வரவேற்கும் உரிமையும் அவருடையது. நீங்கள் அங்கே முதல் விருந்தாளி. உங்கள் பேச்சு நன்றியில் தொடங்கி வாழ்த்தில் முடிய வேண்டும், அதுவும் ஒரு நிமிடத்துக்குள். செலவை இருவரும் பாதிப் பாதி ஏற்றிருந்தால், யார் வரவேற்பது, யார் நன்றி சொல்வது என்று சம்பந்தியோடு பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு அப்பாக்களும் தனித்தனியாக எழுதிக்கொண்டு வந்து ஒரே வரியை இரண்டு முறை சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவதாகப் பேசியவர் நடுவில் தடுமாறிப் பேச்சை நிறுத்திவிட்டார்.

எங்கள் மகளுக்குத் திருச்சியில் நாங்கள் ஒரு ரிசப்ஷன் வைத்தோம். அடுத்த வாரம் கோயம்புத்தூரில் அவர்கள் ஒன்று வைத்தார்கள். திருச்சியில் மூன்று நிமிடம் பேசினேன். கோயம்புத்தூரில் நாலே வரி.

முந்தின நாள் ரிசப்ஷன் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாலி இன்னும் ஏறவில்லை. "இன்று திருமணம் முடிந்த", "தம்பதியர்", "எங்கள் பெண் உங்கள் வீட்டு மருமகளாகிவிட்டாள்" போன்ற சொற்களைக் கேட்டால் பெரியவர்கள் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். "மணமக்கள்" என்பது இரண்டு நாளுக்கும் பொருந்தும் சொல். அதையே கடைசிவரை வைத்துக்கொண்டேன்.

2. பத்திரிகையை வைத்துப் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள்

உங்களுக்குத் தேவையான முதல் ஆவணம் வீட்டிலேயே இருக்கிறது: இரண்டு வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள். பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பு எந்தப் பெயர் மேலே, எந்தப் பெயர் கீழே, யாருக்கு எந்த இனிஷியல் என்று ஒவ்வொரு வீட்டிலும் நாலு நாள் பேச்சு நடந்திருக்கும். அந்தப் பேச்சின் முடிவு அச்சில் இருக்கிறது. மரியாதை வரிசையைப் புதிதாக நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அழைப்போர், தாத்தா பாட்டி, தாய்மாமன் என்று அந்த வரிசையிலேயே எழுதினேன். பிறகு பத்திரிகையில் இல்லாத ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டேன்: இந்தச் சம்பந்தம் அமைய நடையாய் நடந்தவர் யார்? மூத்தவள் கல்யாணத்தில் நான் தவறவிட்டது அந்த மனிதரைத்தான். பெரும்பாலும் அவர் பெயர் பத்திரிகையில் இருக்காது, அல்லது கூட்டத்தோடு கூட்டமாக உள்பக்கத்தில் இருக்கும்.

பேச்சில் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் ஐந்து பேருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பெயர் சொன்னால் ஆறாமவர் காத்திருக்க மாட்டார். பன்னிரண்டு சொன்னால் பதின்மூன்றாமவருக்குக் கட்டாயம் வலிக்கும். இதற்கு நான் கண்ட வழி, எங்கள் பக்கத்தில் ஒருவர் பெயரையும் சொல்லாமல் விட்டது. என் அண்ணன், என் மனைவியின் தம்பிகள், பக்கத்து வீட்டுக்காரர், பழைய தலைமையாசிரியர் எல்லோரும் "எங்கள் வீட்டார்" என்ற ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டார்கள். ஒரு வாரம் முன்பே அண்ணனிடமும் மைத்துனர்களிடமும் இதைச் சொல்லியும் வைத்தேன். "நாமதானே நடத்தறோம், நம்ம பேரு எதுக்கு" என்றார் பெரிய மைத்துனர். சொல்லாமல் விட்டிருந்தால் அவரே மனதில் வைத்துக்கொண்டிருப்பார்.

ஊர்ப் பிரமுகர், அதிகாரி, கட்சிக்காரர் யாராவது வரப்போகிறார் என்றால் அவரைச் சம்பந்திக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள். அவரை வரவேற்கும் வேலையை உங்கள் தம்பி மகனிடமோ நிகழ்ச்சி தொகுப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். நீங்கள் பேசும்போது அவர் உள்ளே நுழைந்தாலும் நிறுத்த வேண்டாம். தலையசைத்துக் கும்பிட்டால் போதும்.

3. சம்பந்தி வீட்டில் நேரில் கேட்க வேண்டியவை

இதைத் தொலைபேசியில் செய்யாதீர்கள். சேலை எடுக்கவோ மண்டபம் பார்க்கவோ சேர்ந்து போகும் நாளில், பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.

பெயரை எப்படி உச்சரிப்பது, இனிஷியலோடு சொல்வதா, பட்டமோ பதவியோ சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டுப் பெண்களை "அவர் மனைவி" என்று சொல்லாமல் பெயர் சொல்லி அழைக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள். அப்புறம், காலமானவர்களைப் பற்றிக் கேளுங்கள். இது மிக முக்கியம்.

எங்கள் மாப்பிள்ளையின் அப்பா ஆறு வருடம் முன்பே தவறிவிட்டார். அம்மாவும் தாய்மாமாவும்தான் பிள்ளையை ஆளாக்கி நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட வீட்டில் பெண்ணின் அப்பா செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆண் ஒருவரிடம்தான் பேச வேண்டுமென்று தாய்மாமாவைப் பார்த்தே முழுப் பேச்சையும் பேசிவிட்டு, "மாப்பிள்ளையின் தாயாருக்கும் நன்றி" என்று ஒரு வாலைச் சேர்ப்பது. சம்பந்தி அந்த அம்மாதான். முதல் நன்றி அவருக்குத்தான், அவர் பெயரிலேயே. நான் அவரிடம் கேட்டேன், "சம்பந்தியம்மா, உங்க வீட்டுக்காரர் பேரை மேடையில சொல்லலாமா, வேண்டாமா?"

கொஞ்ச நேரம் சேலை மடிப்பையே நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "பேரைச் சொல்லுங்கண்ணா. அமரர்னு மட்டும் சொல்ல வேண்டாங்க. பையன் மேடையில நிப்பான், தாங்க மாட்டான்" என்றார்.

என் முதல் வரைவில் "அமரர்" என்றுதான் எழுதியிருந்தேன். "இன்று நம்மிடையே இல்லாத" என்று ஒரு வரியும் இருந்தது. இரண்டையும் அடித்துவிட்டு வெறுமே "திரு." போட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் மணமேடையில் ஒரு பிள்ளையை அழவைத்திருப்பேன்.

4. பேச்சை எழுதுங்கள்

கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிதானமாக வாசித்துப் பார்த்தேன். நூற்றறுபது சொல் எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. மேடையில் பெருமூச்சு, கைதட்டல், நடுவில் யாரோ காலில் விழுவது எல்லாம் சேர்ந்தால் அதுவே மூன்றாகும். எழுதும்போது பத்திரிகைத் தமிழில் எழுதாதீர்கள். "தங்கள் வருகையால் இவ்விழா சிறப்புறப் பெருமகிழ்வுறும்" என்று அச்சில் படிக்கலாம், வாயால் சொன்னால் நாக்கு புரளாது. வீட்டுக்கு வந்த மரியாதைக்குரிய ஒருவரிடம் வாசலில் நின்று பேசும் தமிழ்தான் மேடைக்குச் சரி.

நான் பேசியதை அப்படியே கீழே தருகிறேன். பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

> அனைவருக்கும் வணக்கம்.
>
> நாளைக் காலை எங்கள் இளைய மகளுக்குத் திருமணம். அதை முன்னிட்டு இன்று மாலை வந்திருக்கும் உங்கள் எல்லோரையும் நானும் என் மனைவியும் வருக வருக என்று வரவேற்கிறோம்.
>
> எண்பத்தாறு வயதில் கோயம்புத்தூரிலிருந்து பயணம் செய்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் தாத்தா திரு. (பெயர்) அவர்களுக்கு எங்கள் நமஸ்காரம்.
>
> சம்பந்தியம்மா திருமதி (பெயர்) அவர்களே, திரு. (பெயர்) அவர்களும் நீங்களும் வளர்த்த பிள்ளை நாளை எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆகிறார். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. என் அம்மாவுக்கு வேர்க்கிறது என்று பார்த்து, மாப்பிள்ளை விசிறியை எடுத்து வீசிக்கொண்டே பேசினார். அவரை வளர்த்த கை எப்படிப்பட்டது என்று எங்களுக்கு அன்றைக்கே தெரிந்தது. உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.
>
> மாப்பிள்ளையின் தாய்மாமா திரு. (பெயர்) அவர்களும் அத்தை திருமதி (பெயர்) அவர்களும் தேதி குறிக்க, மண்டபம் பார்க்க என்று மூன்று முறை பஸ் ஏறித் திருச்சிக்கு வந்தார்கள். நாங்கள் வருகிறோம் என்றாலும் கேட்கவில்லை. உங்கள் இருவருக்கும் நன்றி.
>
> எங்கள் வீட்டார் யாரையும் நான் பெயர் சொல்லி அழைக்கவில்லை. இந்தக் கல்யாணத்தை நடத்துகிறவர்களே அவர்கள்தான்.
>
> ரயிலில் வந்தவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள், பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தவர்கள் எல்லோரும் மணமக்களை வாழ்த்திவிட்டு, கீழ்த்தளத்தில் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். நாளைக் காலை ஏழரையிலிருந்து ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். அதற்கும் வந்திருந்து ஆசீர்வதிக்க வேண்டும்.
>
> எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

இதில் ஒன்றிரண்டு இடங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

விசிறி பற்றிய வரிகள்தான் இந்தப் பேச்சின் உயிர். "நல்ல குடும்பம், பண்பான குடும்பம்" என்று எந்தச் சம்பந்தியைப் பற்றியும் சொல்லலாம், யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அவர்கள் செய்த ஒரு சின்னக் காரியத்தை உங்கள் கண்ணால் பார்த்தபடி சொன்னால், அது அவர்களுக்கு மட்டுமே உரிய நன்றி ஆகிவிடும். ஒன்று போதும். இரண்டாவது சம்பவத்தைச் சேர்த்தால் கதை சொல்வதுபோல ஆகிவிடும், நானே ஒன்றை எடுத்துவிட்டேன். தேர்ந்தெடுக்கும் சம்பவத்தில் பணம், நகை, படிப்பு, சம்பளம் எதுவும் வரக் கூடாது.

குறிப்பாக, "எங்களிடம் வரதட்சணை ஒரு பைசா கேட்கவில்லை" என்று மேடையில் புகழாதீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்வோம். ஆனால் கேட்பதற்கு உரிமை இருந்தும் விட்டுக்கொடுத்தார்கள் என்ற பொருள் அதில் ஒளிந்திருக்கிறது. கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் வருடச் சட்டப்படி குற்றம். கேட்காமல் இருந்ததைத் தனிப் பெருமையாக்கினால் நல்ல சம்பந்தி கூசிப்போவார். கூட்டத்தில் நாலு பேர், "அப்போ எவ்வளவு போட்டாங்களாம்" என்று ஆரம்பிப்பார்கள்.

"பெண்ணைப் பெற்றவன், குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற வரியை எடுக்கச் சொல்லி என் மகள்தான் கேட்டாள். பழைய வழக்கம், விருந்தோம்பலில் குறை இருந்தால் பொறுக்கச் சொல்வது தப்பில்லை என்று நான் வாதாடினேன். "விருந்துக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் கேளுங்கப்பா. அவங்ககிட்ட மட்டும் கேட்டா நான் ஏதோ குறை மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. அந்த வரி உங்களுக்கு வேண்டுமென்றால், விருந்தினர் அனைவரையும் பார்த்து, சாப்பாடு பற்றிய வரியோடு சேர்த்து ஒரு முறை சொல்லுங்கள். சம்பந்தியின் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்ல வேண்டாம். "தாரை வார்க்கிறேன்", "ஒப்படைக்கிறேன்" என்ற சொற்களும் ரிசப்ஷனுக்கு உரியவை அல்ல. தாரை வார்ப்பது மறுநாள் காலை மணவறையில் நடக்கும் சடங்கு, அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளையோடு வேலை செய்யும் தமிழ் தெரியாத நண்பர்கள் ஏழெட்டுப் பேர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களுக்காகக் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன், வரவேற்பும் சாப்பாட்டு அழைப்பும் மட்டும். பேச்சு முழுவதையும் மொழிபெயர்த்துச் சொல்லப் போனால் நேரம் இரட்டிப்பாகும்.

5. எந்த நிமிடத்தில் பேசுவது

இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. பத்திரிகையில் மாலை 6.30 மணி என்று போட்டிருக்கும். மணமக்கள் அலங்காரம் முடிந்து மேடைக்கு வர ஏழேகால் ஆகும். வந்த உடனே வரிசை தொடங்கிவிடும். தொடங்கிய வரிசையை யாராலும் நிறுத்த முடியாது. எட்டு மணிக்கு மேல் கூட்டம் உச்சத்தில் இருக்கும், பாதிப் பேர் பந்தியில் இருப்பார்கள். ஒன்பது மணிக்குப் பேசினால் காலி நாற்காலிகள்தான் கேட்கும்.

பேசுவதற்கு ஒரே நல்ல நேரம் இருக்கிறது. மணமக்கள் மேடை ஏறி, இரண்டு வீட்டாரோடும் முதல் குடும்பப் படம் எடுத்து முடித்த மறு நிமிடம். அப்போது சம்பந்தி வீட்டார் மேடையிலோ முன்வரிசையிலோ இருப்பார்கள், மண்டபத்தின் கண் முழுவதும் மேடை மேல் இருக்கும், வரிசை இன்னும் நகரத் தொடங்கியிருக்காது. எங்களுக்கு அது 7.25 ஆக இருந்தது. 7.29க்கு முதல் விருந்தினர் மேடை ஏறிவிட்டார்.

இதற்கு நாலு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். போட்டோகாரரிடம், குடும்பப் படம் முடிந்ததும் இரண்டாவது படத்துக்கு ஆளைக் கூப்பிட வேண்டாம் என்று. வீடியோகாரரிடம், ஃபோகஸ் லைட்டை நேராக என் முகத்தில் அடிக்க வேண்டாம் என்று. அடித்தால் கையில் இருக்கும் காகிதம் தெரியாது. மெல்லிசைக் குழுவினரிடம், அடுத்த பாட்டைத் தொடங்க வேண்டாம் என்று. வரிசையை ஒழுங்குபடுத்தும் பையனிடம், நான் வணக்கம் சொல்லி முடிக்கும்வரை கயிற்றை எடுக்க வேண்டாம் என்று. மத்தியானம் மண்டபத்துக்குப் போனதும் நாலு பேரையும் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னேன். ஒருவர் மூலமாக மற்றவருக்குச் சொல்லி அனுப்பினால் போய்ச் சேராது.

பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்த ஆசை இருந்தால் இந்த நேரத்தில் வேண்டாம். ஒரு பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, அவர் திரும்ப உட்கார அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஐந்து பேருக்குப் போர்த்தினால் உங்கள் பேச்சு முழுவதும் அதிலேயே போய்விடும். நாங்கள் மறுநாள் முகூர்த்தம் முடிந்த பிறகு போர்த்தினோம்.

ரிசப்ஷன் மண்டபத்துக்குள் இல்லாமல் திறந்த புல்வெளியில் என்றால் இரவு 10 மணியை மனதில் வையுங்கள். 2000ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. எல்லாம் தாமதமாகிக்கொண்டே போனால் கடைசியில் வெட்டுப்படுவது உங்கள் பேச்சுதான்.

6. மைக்கும் காகிதமும்

மெல்லிசைக் குழு இருந்தால் மைக் அவர்களுடையதாக இருக்கும். பாடுகிறவர்களுக்காக அதில் எக்கோ வைத்திருப்பார்கள். அதே மைக்கில் நீங்கள் பேசினால் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் மேல் ஏறி விழும். பின்வரிசைக்குச் சத்தம் கேட்கும், பேச்சு கேட்காது. மூத்தவள் ரிசப்ஷன் வீடியோவில் என் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்ததற்கு அதுதான் காரணம் என்று பிறகு ஒரு சவுண்டு சர்வீஸ் தம்பி சொன்னார். மிக்ஸரில் இருப்பவரிடம் போய், "தம்பி, நான் பேசறப்ப எக்கோவை எடுத்துடுங்க" என்று சொன்னால் போதும். ஒரு பொத்தானைத் திருப்பும் வேலைதான். ஆனால் சொன்னால்தான் செய்வார்கள்.

விருந்தினர் வருவதற்கு முன், ஆறு மணிக்குள், அதே மைக்கில் அதே இடத்தில் நின்று முதல் இரண்டு வரியைப் பேசிப் பாருங்கள். ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். மைக்கை வாய்க்கு இரண்டு மூன்று விரல்கடை தள்ளிப் பிடிக்க வேண்டும். வலைத் தலையைக் கையால் மூடிப் பிடித்தாலோ, ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலோ கூவும். வயர் இல்லாத மைக் என்றால் புது பேட்டரி போடச் சொல்லுங்கள்.

பேச்சைப் போனில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். அன்று மாலை உங்கள் போனுக்குத்தான் வழி கேட்டு எல்லோரும் அழைப்பார்கள். கெட்டியான காகிதத்தில், பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்துக்கொள்ளுங்கள். பெயர்களைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒரு வரி ஒரு பெயரின் நடுவில் முறியாமல் பாருங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உங்கள் சட்டைப் பையிலும் இன்னொன்றை மகனிடமோ தம்பியிடமோ வைத்துவிடுங்கள். வேட்டி சட்டை மாற்றும்போது காகிதம் அறையிலேயே தங்கிவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. மைத்துனர் பையிலிருந்த பிரதிதான் மேடைக்கு வந்தது.

எங்களுக்கு இதற்கெல்லாம் ஆன செலவு சொற்பம். அச்சுக்கு நாற்பது ரூபாய். எங்கள் பேச்சுக்கென்று தனியாக வாடகைக்கு எடுத்த வயர் இல்லாத மைக்குக்கு அறுநூறு. மெல்லிசைக் குழுவின் மைக்கே போதும் என்றால் அந்த அறுநூறும் மிச்சம்.

7. மேடையில் நிற்பது, இறங்கியபின் செய்வது

மேடையின் ஓரத்தில், கூட்டத்தையும் சம்பந்தியையும் ஒருசேரப் பார்க்கும்படி சாய்வாக நில்லுங்கள். நேராக நடுவில் நின்றால் மணமக்களை மறைப்பீர்கள், சம்பந்திக்கு முதுகு காட்டுவீர்கள். மனைவி பக்கத்தில் நிற்கட்டும். "நான்" என்று எழுதியிருக்கும் இடங்களில் முடிந்தவரை "நாங்கள்" என்று மாற்றுங்கள். சம்பந்தியின் பெயரைச் சொல்லும்போது மட்டும் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து அவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஐந்து பெயர்களையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். பேச்சை நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நின்ற வரியிலிருந்தே தொடருங்கள். தொண்டை அடைக்கும் இடம் எது என்று வீட்டில் சத்தமாக வாசிக்கும்போதே தெரிந்துவிடும். எனக்கு விசிறி வரியில் அடைத்தது. பேச்சில் அதற்கு அடுத்த வரியைச் சின்னதாக வெட்டிக்கொண்டேன், மூச்சு பிடித்துச் சொல்லிவிட முடிந்தது.

முடிந்ததும் மைக்கை யார் கையில் கொடுப்பது என்றும் முன்பே முடிவு செய்யுங்கள். கையில் மைக்கோடு நின்றால், "ஒரு வார்த்தை நானும் சொல்றேன்" என்று யாராவது வாங்கிக்கொள்வார்கள். வரிசை அதற்குப் பிறகு அரை மணி நேரம் நகராது. நான் நேராக மெல்லிசைக் குழுத் தம்பியிடம் கொடுத்தேன், அவர் உடனே பாட்டைத் தொடங்கினார்.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. மேடையில் அவ்வளவு நன்றி சொல்லிவிட்டு, சம்பந்தி வீட்டாரைப் பந்திக்கு யாரும் அழைக்காமல் விட்டால் சொன்னதெல்லாம் வீண். இரவு எட்டரை மணிக்கு நானும் மனைவியும் போய்ச் சம்பந்தியம்மாவையும் தாத்தாவையும் தாய்மாமா குடும்பத்தையும் நாங்களே கூட்டிக்கொண்டு கீழே இறங்கினோம். அவர்களுக்கென்று ஒரு வரிசை இலை முன்பே ஒதுக்கி வைத்திருந்தோம். தாத்தாவுக்குக் காரம் ஆகாது என்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்ததால், அவர் இலைக்குத் தயிர் சாதம் முதலிலேயே வந்தது. சம்பந்தியம்மா உட்காரும் முன் என் பக்கம் திரும்பி, "அவிங்க பேரை நல்லாச் சொன்னீங்கண்ணா" என்றார். நான் தண்ணீர் டம்ளரை அவர் இலைப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.